மூலைகள் போதாத இடத்தில் கதிர்கள்

1945-ல் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் ஸ்டிக்லர் ஒரு வினோதமான கேள்வியை எடுத்துக்கொண்டார். சுமார் 70 கிலோ எடையுள்ள ஒரு ஆண், உடம்புக்கு வேண்டிய சத்துகள் எதுவும் குறையாமல் ஒரு வருடம் சாப்பிட, குறைந்தபட்சம் எவ்வளவு செலவாகும்? ருசியைப் பற்றிக் கவலை இல்லை. தினமும் ஒரே சாப்பாடா என்று சலித்துக்கொள்ளவும் உரிமை இல்லை. சந்தையில் கிடைத்த 77 உணவுப் பொருள்களையும், கலோரி, புரதம், இரும்பு, சில விட்டமின்கள் என்று 9 சத்துகளையும் அவர் பட்டியல் போட்டார். 1939 ஆகஸ்ட் மாத விலையில் வருடத்துக்கு 39.93 டாலர் போதும் என்று கணக்கு வந்தது. வாங்க வேண்டியவை ஐந்தே பொருள்கள்: கோதுமை மாவு, கெட்டிப்பால், முட்டைக்கோஸ், பசலைக்கீரை, உலர்ந்த வெள்ளை பீன்ஸ். மாவு மட்டுமே 370 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 168 கிலோ.

ஸ்டிக்லரிடம் முறையான வழி ஏதும் இல்லை. விலைக்குத் தகுந்த சத்து இல்லாத பொருள்களைத் தள்ளிவிட்டு, மீதியை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துத்தான் அந்த விடைக்கு வந்தார். 1947-ல் ஜார்ஜ் டான்சிக் ‘சிம்ப்ளெக்ஸ்’ என்ற முறையைக் கண்டுபிடித்ததும், அதற்குச் சோதனையாக இதே கணக்கை எடுத்துக்கொண்டார்கள். ஜாக் லேடர்மேன் தலைமையில் ஒன்பது எழுத்தர்கள் மேஜைக் கால்குலேட்டர்களில் தட்டித் தட்டிக் கணக்குப் போட்டார்கள். ஆள்கணக்கில் 120 நாள் உழைப்பு. கிடைத்த உண்மையான குறைந்தபட்சம் 39.69 டாலர். ஸ்டிக்லர் உத்தேசமாகப் பிடித்தது வெறும் 24 சென்ட் அதிகம். கெட்டிப்பாலுக்குப் பதில் மாட்டு ஈரல் வந்திருந்தது. ஆனால் பொருள்கள் அப்போதும் ஐந்துதான்.

77 பொருள் இருக்க, ஏன் ஐந்து? சத்துக் குறையாத சாப்பாட்டுத் திட்டங்கள் எண்ணிலடங்காதவை. அவற்றில் இருபது பொருளைக் கலந்து செய்த ஒன்று ஏன் மலிவாக இருக்கக் கூடாது? இதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால், அந்த எண்ணற்ற திட்டங்களை எல்லாம் ஒரு சின்னப் பட்டியலுக்குள் அடக்கிச் சொல்லும் வழி ஒன்று வேண்டும். அப்படி ஒரு வழி இருக்கிறது. அதைப் பார்க்க 77 பொருள் வேண்டாம், இரண்டு போதும்.

மாவும் கீரையும் மட்டும் வைத்துக்கொள்வோம். எண்கள் கணக்குக்கு எளிதாக நான் வைத்தவை. ஊட்டச்சத்து நிபுணர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஒரு பங்கு மாவில் சக்தி 3, புரதம் 1, விட்டமின் 1. ஒரு பங்கு கீரையில் சக்தி 1, புரதம் 1, விட்டமின் 3. ஒரு நாளுக்குச் சக்தி குறைந்தது 6, புரதம் 4, விட்டமின் 6 வேண்டும். மாவை x, கீரையை y என்று எழுதினால் நிபந்தனைகள் இவை:

3x + y ≥ 6
x + y ≥ 4
x + 3y ≥ 6
x ≥ 0, y ≥ 0

கட்டம் போட்ட தாளில் இதை வரைந்து பார்க்கலாம். ஒவ்வொரு நிபந்தனையும் ஒரு நேர்கோட்டுச் சுவர். சுவருக்கு ஒரு பக்கம் சாப்பிடலாம், மறுபக்கம் சத்துக் குறையும். ஐந்து சுவர்களும் சேர்ந்து ஒதுக்கிவிடும் பகுதிதான் நம்முடைய ஏற்புடைய திட்டங்கள் அனைத்தும். இப்படி நேர்ச் சுவர்களால் ஆன வடிவத்தைப் பன்முகி என்பார்கள். தாளில் இது தட்டையாக இருந்தாலும், மூன்று பொருள் வந்தால் அறை போலவும், 77 பொருள் வந்தால் கண்ணால் பார்க்க முடியாததாகவும் ஆகிவிடும். பெயர் மட்டும் மாறாது.

வரைந்ததும் நான்கு மூலைகள் தெரியும்: (0, 6), (1, 3), (3, 1), (6, 0). முதல் எண் மாவு, இரண்டாவது கீரை. ஒவ்வொரு மூலையிலும் இரண்டு சுவர்கள் சந்திக்கின்றன. (1, 3)-ல் சக்தியும் புரதமும் சரியாக அளவோடு நிற்கின்றன. விட்டமின் மட்டும் உபரி. (6, 0)-ல் விட்டமின் அளவோடு நிற்கிறது, கீரையே கிடையாது.

சுவர்களைச் சொன்னால் வடிவம் தீர்மானமாகிவிடுகிறது, சரி. மூலைகளை மட்டும் சொல்லி அதே வடிவத்தைச் சொல்லிவிட முடியுமா?

முதலில் வடிவத்துக்கு ஒரு எல்லை வைத்துவிடுவோம். வயிறு என்று ஒன்று இருக்கிறதே. ஒரு நாளில் மொத்தம் 8 பங்குக்கு மேல் உள்ளே போகாது, அதாவது x + y ≤ 8 என்று ஆறாவது சுவர் ஒன்றை எழுப்புவோம். இப்போது பகுதி எல்லாப் பக்கமும் அடைபட்டுவிட்டது. பழைய நான்கு மூலைகளோடு (8, 0), (0, 8) என்று இரண்டு புதியவை சேர்ந்து ஆறு மூலைகள்.

மூலை ஒவ்வொன்றும் ஒரு சமையல் திட்டம். மாதத்தில் பாதி நாள் (1, 3) திட்டம், பாதி நாள் (3, 1) திட்டம் என்று சாப்பிட்டால், சராசரியாக ஒரு நாளுக்கு (2, 2) சாப்பிட்டதாக ஆகும். கால்வாசி நாள் ஒன்று, முக்கால்வாசி நாள் இன்னொன்று என்றும் பிரிக்கலாம். மூன்று நான்கு திட்டங்களுக்கும் பங்கிடலாம். பங்குகள் எதுவும் எதிர்ம எண்ணாக இருக்கக் கூடாது, எல்லாப் பங்கும் கூட்டினால் சரியாக 1 வர வேண்டும். இந்த மாதிரிக் கலவைக்குக் குவிச் சேர்க்கை என்று பெயர். மூலைகளைக் கலந்தால் பகுதிக்கு வெளியே போக முடியாது என்பது சுலபமாகத் தெரியும்: இரண்டு திட்டத்திலும் சக்தி 6-க்குக் குறையாது என்றால் அவற்றின் சராசரியிலும் குறையாது. ஆச்சரியம் மறுபக்கத்தில்தான் இருக்கிறது. அடைபட்ட பகுதிக்குள் எந்தப் புள்ளியைத் தொட்டாலும், அதை மூலைகளின் கலவையாக எழுதிவிட முடியும்.

(4, 3) என்ற புள்ளியை எடுத்துப் பார்ப்போம். அதிலிருந்து ஏதாவது ஒரு திசையில், சொல்லப்போனால் கீரையை மாற்றாமல் மாவை மட்டும் குறைத்துக்கொண்டே இடப்பக்கம் நகருவோம். (1, 3)-ல் சுவர் தடுக்கும். அதிர்ஷ்டவசமாக அதுவே ஒரு மூலை. இப்போது வலப்பக்கம் போனால் (5, 3)-ல் வயிற்றுச் சுவர் தடுக்கும். நம் புள்ளி இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பதால், கால் பங்கு (1, 3), முக்கால் பங்கு (5, 3) என்று எழுதலாம். (5, 3) மூலை அல்ல, ஆனால் சுவர் மேல் இருக்கிறது. அந்தச் சுவரின் இரு நுனிகள் (8, 0), (0, 8). ஆகவே அதை 5/8 பங்கு முதலாவது, 3/8 பங்கு இரண்டாவது என்று பிரிக்கலாம். பெருக்கிச் சேர்த்தால், (1, 3)-க்கு 8/32, (8, 0)-க்கு 15/32, (0, 8)-க்கு 9/32. மூன்றும் கூட்டினால் 1. மாவைச் சரிபார்த்தால் 4 வரும், கீரையைச் சரிபார்த்தால் 3 வரும்.

பொதுவான நிரூபணமும் இதேதான், புள்ளி மட்டும் வேறு. உள்ளிருந்து இரு பக்கமும் சுவர் தட்டும் வரை நட. சுவர் என்பது ஒரு பரிமாணம் குறைந்த இன்னொரு பன்முகி. அதற்குள் மறுபடி நட. கடைசியில் நிற்கும் இடம் மூலையாகத்தான் இருக்கும். எத்தனை மூலைகளைக் கலக்க வேண்டிவரும் என்பதற்கும் வரம்பு உண்டு. பரிமாணத்தைவிட ஒன்று கூட இருந்தால் போதும் என்று கிரேக்கக் கணிதவியலர் காரதியோடோரி காட்டினார். தாளில் இரண்டு பரிமாணம். நமக்கு மூன்று மூலை போதுமாக இருந்தது.

இந்த நடையில் ஒரு விஷயம் சத்தமில்லாமல் பயன்பட்டிருக்கிறது: எந்தத் திசையில் போனாலும் ஏதாவது ஒரு சுவர் தடுக்கும் என்பது. வயிற்றுச் சுவரை எடுத்துவிட்டால் அது பொய்த்துப்போகும்.

ஸ்டிக்லரின் கணக்கில் வயிற்றுச் சுவர் கிடையாது. சத்து ‘குறைந்தது இவ்வளவு’ என்றுதான் நிபந்தனை. அதிகமானால் யாரும் கேட்கப்போவதில்லை. நம் சின்ன உதாரணத்திலும் அந்த ஆறாவது சுவரை இடித்துவிட்டால் மூலைகள் பழையபடி நான்குதான். அவற்றை எப்படிக் கலந்தாலும் மொத்தம் 6 பங்கைத் தாண்டாது, ஏனென்றால் எந்த மூலையிலும் மொத்தம் 6-க்கு மேல் இல்லை. ஆனால் (4, 3)-ல் மொத்தம் 7. அது ஏற்புடைய திட்டம்தான், ஆனால் மூலைகளின் கலவைக்குள் வராது. மூலைகள் மட்டும் போதாது.

மறுபடி அதே நடையை நடந்து பார்த்தால், என்ன குறைகிறது என்பது அந்த இடத்திலேயே தெரியும். (4, 3)-லிருந்து இடப்பக்கம் போனால் (1, 3) மூலை. வலப்பக்கம் போனால் தடுக்க ஆளே இல்லை; மாவு கூடிக்கொண்டே போகும். எந்தத் திசையில் எவ்வளவு தூரம் போனாலும் வெளியேற மாட்டோமோ, அந்தத் திசையைக் கதிர் என்கிறோம். ஆகவே (4, 3) என்பது (1, 3) மூலையோடு (1, 0) என்ற கதிரில் 3 மடங்கு சேர்த்தது. மூன்று பங்கு மாவைக் கூடுதலாகச் சாப்பிட்டோம், அவ்வளவுதான்.

கதிர்களை எப்படிக் கண்டுபிடிப்பது? நிபந்தனைகளின் வலப்பக்க எண்களை எல்லாம் பூஜ்யமாக்கிவிட வேண்டும். 3a + b ≥ 0, a + b ≥ 0, a + 3b ≥ 0, a ≥ 0, b ≥ 0. இவற்றுக்கு ஒத்துவரும் திசைகள் எல்லாம் தப்பிக்கும் திசைகள். நம் கணக்கில் a, b இரண்டும் எதிர்மமாக இல்லாத எல்லாத் திசையும் தேறும். அதற்காக எல்லாவற்றையும் பட்டியலில் எழுத வேண்டியதில்லை. (1, 1) என்ற திசை (1, 0)-வையும் (0, 1)-ஐயும் கூட்டினாலே வந்துவிடும். வேறு திசைகளால் செய்ய முடியாத, ஓரத்தில் நிற்கும் கதிர்கள் மட்டும் போதும். இங்கே அவை இரண்டு.

மூலைக்கும் கதிருக்கும் பங்கிடும் விதியில் ஒரு வித்தியாசம் உண்டு, அதை விட்டால் எல்லாம் குழம்பும். மூலைகளின் பங்குகள் கூட்டினால் 1 வர வேண்டும். கதிர்களுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. பூஜ்யத்துக்குக் குறையாமல் எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம். கதிரின் நீளத்துக்கும் அர்த்தம் கிடையாது, (1, 0) என்றாலும் (7, 0) என்றாலும் அதே கதிர். இன்னொன்று, பிரிக்கும் வழி ஒன்றே ஒன்று அல்ல. (4, 3)-ஐ (3, 1) மூலையோடு ஒரு பங்கு மாவும் இரண்டு பங்கு கீரையும் சேர்த்தது என்றும் எழுதலாம். இரண்டு பேர் வேறு வேறு பங்கோடு வந்தால் ஒருவர் தப்பு என்று நினைக்க வேண்டாம்.

எண்ணிக்கைக்கு உட்பட்ட சுவர்களால் ஆன எந்த வடிவத்தையும் எண்ணிக்கைக்கு உட்பட்ட மூலைகளும் கதிர்களும் கொண்டு சொல்லிவிடலாம். இப்படிச் சொன்னதைத் திருப்பிச் சுவர்களாகவும் எழுதிவிடலாம். மின்கோவ்ஸ்கி, வெய்ல் என்ற இருவர் பெயரால் இந்தத் தேற்றம் வழங்குகிறது. மின்கோவ்ஸ்கி 19-ம் நூற்றாண்டின் கடைசியில் இதில் இறங்கினார். வெய்லின் கட்டுரை 1935-ல் வந்தது. அடைபட்ட துண்டு ஒன்று, கதிர்களால் ஆன கூம்பு ஒன்று, இரண்டின் கூட்டல்தான் எந்தப் பன்முகியும் என்பதை அதற்கடுத்த வருடம் தியோடர் மோட்ஸ்கின் தம் ஆய்வேட்டில் தெளிவாகச் சொன்னார்.

இப்போது விலைக்கு வரலாம். மாவு பங்கு 4 ரூபாய், கீரை 5 ரூபாய் என்போம். நான்கு மூலைகளின் செலவு வரிசையாக 30, 19, 17, 24 ரூபாய். கதிர்களின் செலவு 4-ம் 5-ம். எந்தத் திட்டத்தை எடுத்தாலும் அது மூலைகளின் கலவை, கூடக் கொஞ்சம் கதிர். அதன் செலவு, 30, 19, 17, 24 ஆகியவற்றின் ஏதோ ஒரு சராசரி, அதோடு கதிர்களுக்கான கூடுதல் பணம். சராசரி எப்படி எடுத்தாலும் அதிலுள்ள மிகச் சிறிய எண்ணுக்குக் கீழே போகாது. கூடுதல் பணம் எதிர்மமும் அல்ல. ஆக 17-க்குக் கீழே எந்தத் திட்டமும் இல்லை. 17 ரூபாய்க்கு (3, 1) மூலை கிடைக்கிறது. முடிவில்லாத திட்டங்களைத் தேட வேண்டிய வேலை, நான்கு மூலைகளைப் பார்க்கும் வேலையாகச் சுருங்கிவிட்டது. இரண்டு பொருளும் ஒரே விலை என்றால் (1, 3)-ம் (3, 1)-ம் சமமாக நிற்கும்; அப்போது அவற்றுக்கு நடுவிலுள்ள சுவர் முழுக்கவே மலிவானதுதான்.

கதிர்கள் இங்கே சும்மா இருந்தன. அவை பேசுவது விலையில் எதிர்ம எண் வரும்போது. யாரோ மாவின் விலைக்கு முன் தவறுதலாக ஒரு கழித்தல் குறி போட்டுவிட்டார் என்று வையுங்கள். அப்போது (1, 0) கதிரின் செலவு எதிர்மம். அந்தத் திசையில் எவ்வளவு போகிறோமோ அவ்வளவு லாபம். குறைந்தபட்சம் என்று ஒன்றே இருக்காது. கணினி ‘வரம்பில்லை’ என்று சொல்லி நின்றுவிடும். அந்தச் செய்தியைப் பார்த்ததும் நிபந்தனைகளை மேலும் கீழும் புரட்டுவதில் அர்த்தம் இல்லை. எந்தக் கதிரின் செலவு எதிர்மம் என்று பார்த்தால், தவறு எந்தப் பொருளில், எந்தச் சுவர் விட்டுப்போயிற்று என்பது நேராகத் தெரிந்துவிடும். நல்ல மென்பொருள்கள் அந்தக் கதிரையே எடுத்துக் கொடுக்கும்.

விட்டுப்போன சுவருக்கு டான்சிக்கே ஒரு வேடிக்கையான சாட்சி. 1950-களில் உடம்பு இளைக்கச் சொல்லி மருத்துவர் சொன்னதும், தம் சாப்பாட்டைத் தாமே கண்டுபிடித்த முறையில் கணினியிடம் கேட்டார். வயிறு நிறைந்த உணர்வுக்கு அளவாக, உணவின் எடையில் தண்ணீரைக் கழித்த மீதியை எடுத்துக்கொண்டு, அதை அதிகமாக்கச் சொன்னார். கணினி தந்த திட்டத்தில் 500 காலன் வினிகர் இருந்தது. கிட்டத்தட்ட 1,900 லிட்டர். தரவில் வினிகரை வெறும் அமிலமாக, தண்ணீரே இல்லாததாகக் குறித்திருந்தார்கள். 500 என்று ஒரு எண் வந்ததே எங்கோ தூரத்தில் ஒரு சுவர் தடுத்ததால்தான். அதுவும் இல்லாதிருந்தால் வினிகரின் திசை முழுக் கதிராகியிருக்கும். வினிகரை நீக்கினார், அடுத்து ஒரு நாளைக்கு 200 சூப் கட்டிகள் என்று வந்தது. அதற்கும் ஒரு மேல்வரம்பு வைத்தார். இப்படி வைத்த ஒவ்வொரு மேல்வரம்பும், நம் வயிற்றுச் சுவர் செய்த அதே வேலையைச் செய்கிறது: கதிரை வெட்டி அங்கே ஒரு மூலையை வைக்கிறது.

மூலைகளை நான் ‘வரைந்ததும் தெரியும்’ என்று சொல்லிவிட்டேன். தாளில் வரைய முடியாத இடத்தில் எப்படி எடுப்பது? 1953-ல் மோட்ஸ்கினும் மூன்று பேரும் சேர்ந்து வெளியிட்ட முறை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. சுவர்களை ஒவ்வொன்றாக எழுப்பிக்கொண்டே, கையிலுள்ள மூலை, கதிர்ப் பட்டியலைத் திருத்திக்கொண்டே போவதுதான் வேலை.

x ≥ 0, y ≥ 0 மட்டும் இருக்கும்போது ஒரே மூலை (0, 0), இரண்டு கதிர்கள் (1, 0), (0, 1). இப்போது சக்திச் சுவர் 3x + y ≥ 6 வருகிறது. (0, 0) சுவருக்குத் தப்பான பக்கம். அது போக வேண்டும். போகும்முன், அதற்கு அடுத்து நிற்கும் கதிர் ஒவ்வொன்றிலும் நடந்து சுவரைத் தொடும் இடத்தைக் குறித்துக்கொள்கிறோம்: (2, 0), (0, 6). அடுத்தது புரதச் சுவர் x + y ≥ 4. (2, 0) இப்போது தப்பான பக்கம். அதிலிருந்து (0, 6)-ஐ நோக்கி நடந்தால் பாதி வழியில் (1, 3)-ல் சுவர். மாவுக் கதிரில் நடந்தால் (4, 0). கடைசியாக விட்டமின் சுவர் x + 3y ≥ 6. (4, 0) போகிறது. அதற்குப் பதில் (1, 3)-ஐ நோக்கி மூன்றில் ஒரு பங்கு வழியில் (3, 1)-ம், கதிர் வழியாக (6, 0)-ம் வருகின்றன. நான்கு மூலைகளும் வந்துவிட்டன. கதிர்கள் இரண்டும் எந்தச் சுவருக்கும் அஞ்சாமல் முதலிலிருந்து கடைசி வரை அப்படியே நின்றன.

இதில் ஒரு நுணுக்கம், அடுத்தடுத்து நிற்பவற்றை மட்டும்தான் ஜோடி சேர்க்க வேண்டும் என்பது. இரண்டாவது படியில் (2, 0)-லிருந்து கீரைக் கதிரில் நடந்திருந்தால் (2, 2) கிடைத்திருக்கும். அது மூலை அல்ல, சுவரின் நடுவில் கிடக்கும் வெறும் புள்ளி. இப்படிப் போலிகளைச் சேர்த்துக்கொண்டே போனால் பட்டியல் ஊதிப்போகும். மூலைதானா என்று சோதிக்க வழி சுலபம்: அந்தப் புள்ளியில் சரியாகத் தொட்டு நிற்கும் சுவர்களை எண்ணுங்கள். தாளில் குறைந்தது இரண்டு வேண்டும். (2, 2)-ஐத் தொடுவது புரதச் சுவர் ஒன்றுதான்.

கோமெய் ஃபுகுடா எழுதிய சிடிடி என்ற மென்பொருள் இதைத்தான் செய்கிறது. நம் கணக்கை அதற்கு இப்படிக் கொடுக்கலாம்:

```
H-representation
begin
5 3 integer
-6 3 1
-4 1 1
-6 1 3
0 1 0
0 0 1
end
```

ஒவ்வொரு வரியும் ஒரு சுவர். -6 3 1 என்றால் -6 + 3x + y பூஜ்யத்துக்குக் குறையக் கூடாது. திரும்பி வருவது, வரிசை முன்பின்னாக இருக்கலாம், இது:

```
V-representation
begin
6 3 rational
1 0 6
1 1 3
1 3 1
1 6 0
0 1 0
0 0 1
end
```

முதல் பத்தி எண்ணைப் பாருங்கள். 1 என்று தொடங்கினால் மூலை, 0 என்று தொடங்கினால் கதிர். அது வெறும் அடையாளக் குறி அல்ல. எல்லா வரியையும் அவரவர் பங்கால் பெருக்கிக் கூட்டும்போது முதல் பத்தியில் 1 வர வேண்டும் என்று சொல்லிவிட்டால், மூலைகளின் பங்கு 1 ஆக வேண்டும், கதிர்களின் பங்கு எவ்வளவும் ஆகலாம் என்ற இரண்டு விதியும் தானாக அமைந்துவிடுகிறது.

rational என்ற சொல்லும் காரணத்தோடுதான் இருக்கிறது. பின்னங்களைப் பின்னங்களாகவே வைத்துக் கணக்குப் போடுகிறது என்று அர்த்தம். மூன்று சுவர்கள் ஒரே மூலையில் சந்திக்கும் இடத்தில் 1/3-ஐ 0.333 என்று எழுதினீர்கள் என்றால், சுவர்கள் மயிரிழை விலகி, ஒரு மூலை இருந்த இடத்தில் ஒட்டி ஒட்டி இரண்டு மூலைகள் முளைக்கும். விடையில் ஐந்தாவது தசம இடத்தில் மட்டும் மாறும் மூலைகளைக் கண்டால் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

ஸ்டிக்லரின் ஐந்து பொருளுக்கு இப்போது பதில் சொல்லலாம். 77 பொருள்கள் என்றால் 77 பரிமாணம். சத்துச் சுவர்கள் 9, ‘எதிர்மமாக வாங்க முடியாது’ என்ற சுவர்கள் பொருளுக்கு ஒன்றாக 77, மொத்தம் 86. ஒரு மூலையில் குறைந்தது 77 சுவர்களைத் தொட்டு நிற்க வேண்டும். சத்துச் சுவர்கள் ஒன்பதையும் தொட்டாலும், மீதி 68 தொடுதல்கள் ‘இந்தப் பொருள் பூஜ்யம்’ என்ற சுவர்களிலிருந்துதான் வர முடியும். ஆகவே எந்த மூலையிலும் அதிகபட்சம் 9 பொருள்களுக்கு மேல் வாங்கப்படாது. மலிவு விடை ஒன்று மூலையில் கட்டாயம் உண்டு. இருபது பொருள் சாப்பாடு தோற்றதற்கு ஊட்டச்சத்து காரணம் அல்ல, வடிவியல் காரணம்.

கதிர்கள் எத்தனை என்பதும் உடனே தெரியும். சத்து அளவு எதுவும் எதிர்மமாக இல்லாததால், பொருளுக்கு ஒன்றாகச் சரியாக 77. மூலைகளை எண்ணுவதுதான் கஷ்டம். 86 சுவர்களில் 77-ஐத் தேர்ந்தெடுக்கும் வழிகள் சுமார் 46 ஆயிரம் கோடி. அவற்றில் பல வெளியே விழுந்துவிடும் என்றாலும் மீதியை யாரும் பட்டியல் போட நினைக்க மாட்டார்கள். சுவர்கள் கொஞ்சமாக இருந்தும் மூலைகள் பெருகுவது சகஜம்: 20 பரிமாணக் கனசதுரத்துக்குச் சுவர்கள் 40, மூலைகள் 10,48,576. நேர்மாறான வடிவமும் உண்டு, அதில் மூலைகள் 40, சுவர்கள் பத்து லட்சத்துக்கு மேல். எந்தப் பட்டியல் சின்னதோ அதை வைத்துக்கொள்ள வேண்டியதுதான். ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறுவது எப்போதும் மலிவு அல்ல.

மூலையே இல்லாத பன்முகிகளும் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். நம் கணக்கில் x, y பூஜ்யத்துக்குக் குறையலாம் என்று விட்டு, மொத்தம் 4-க்கும் 8-க்கும் நடுவில் இருக்க வேண்டும் என்று மட்டும் சொன்னால், இரு பக்கமும் முடிவில்லாமல் ஓடும் ஒரு பட்டை கிடைக்கும். அதில் மூலை எங்கே? அங்கே ஒரு முழுக்கோடு, முன்னும் பின்னும் இரண்டு கதிர்களாகப் பட்டியலில் சேரும். மூலைக்குப் பதில் பட்டையின் இரு ஓரங்களிலிருந்து ஆளுக்கு ஒரு புள்ளி. வாங்கும் அளவு எதிர்மமாகக் கூடாது என்ற சுவர் எல்லாப் பொருளுக்கும் இருந்தால் இந்தத் தொல்லை வராது.

இவ்வளவு மூலைகளையும் எழுதாமலே இந்த விவரிப்பைப் பயன்படுத்தும் தந்திரத்தை 1960-ல் டான்சிக்கும் பிலிப் வுல்ஃபும் வெளியிட்டார்கள். பெரிய கணக்கில் தெரியாதவையாக மாவையும் கீரையையும் வைப்பதில்லை; மூலைகளின் பங்குகளையும் கதிர்களின் பங்குகளையும் வைக்கிறார்கள். கையில் நாலைந்து மூலைகளோடு ஆரம்பித்து, அப்போதைய விலை நிலவரத்தைக் கணக்கிட்டு, இந்த விலைக்கு இதைவிட மலிவாக ஏதாவது உண்டா என்று சின்னக் கணக்கிடம் கேட்பார்கள். அது ஒரு மூலையைத் தந்தால் புதிய பத்தியாகச் சேர்ப்பார்கள். வரம்பில்லை என்று பதில் வந்தால், அந்தப் பதிலே ஒரு கதிர், அதையும் சேர்ப்பார்கள். பங்குகள் கூடி 1 ஆக வேண்டும் என்று சொல்லும் வரியில், மூலையின் பத்திக்கு 1 எழுதுவார்கள், கதிரின் பத்திக்கு 0. சின்னக் கணக்கு ‘இல்லை’ என்று சொல்லும்வரை இது நடக்கும். நின்ற இடத்தில் உச்ச விடை கையில் இருக்கும், மூலைகளில் பெரும்பாலானவற்றை யாரும் பார்த்திருக்கவே மாட்டார்கள்.